"உட்கார்" என்று எழுதிக் கொடுத்தால் யாருக்கு எழுதிக் கொடுத்தோம்?

கொஞ்சம் நீளமான பதிவு. தைப்பூச வேலை தொடங்குவதற்கு முன்னால் இதைப் பேசி முடித்துவிடுவது நல்லது என்று நினைக்கிறோம்.

நம்ம புலனக் குழுவில் போன வாரம் ஒரு தாள் வந்தது, பார்த்திருப்பீர்கள். முதலுதவிக் கூடாரத்திலும் தண்ணீர்ப் பந்தலிலும் நிற்கப் போகிற பிள்ளைகளுக்காக 12 சின்ன வரிகள். இந்தத் தடவை சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் உதவிக்கு வருகிறார்கள். நம்ம பிள்ளைகளிலேயே பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் ஆங்கிலத்தில் இருந்த வரிகளைத் தமிழாக்கி, தமிழ் உச்சரிப்பை ரூமி எழுத்தில் போட்டுக் கொடுப்பது என்று முடிவு. நல்ல யோசனைதான், அதில் எங்களுக்கு ஒரு மறுப்பும் இல்லை.

ஆனால் தாளில் வந்த தமிழ் இப்படி இருந்தது: "உட்கார்." "இங்கே வா." "இங்கே இரு." "பயப்படாதே." "உன் பெயர் என்ன?" "சாப்பிட்டாயா?"

பெரியவர் ஒருவர் குழுவிலேயே கேட்டார், "ஏம்பா, கூடாரத்துக்கு வர்றவங்க எல்லாம் உங்க வீட்டுப் பிள்ளைங்களா?" அதற்கு ஒரு தம்பி, "சின்ன வரிதானே, அர்த்தம் புரிஞ்சா போதாதா?" என்று போட்டார். அப்புறம் 60, 70 செய்தி ஓடிப்போச்சு. இன்னொரு பக்கம் சிலர், எல்லா வரியிலும் "தயவுசெய்து" போட்டு "அமரவும்", "அருந்தவும்" என்று மாற்றிவிடலாம் என்றார்கள்.

இரண்டுமே சரியில்லை என்பது எங்கள் கருத்து. ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் அந்த "உட்கார்" எங்கிருந்து வந்தது என்று பார்க்கணும். எழுதிய பிள்ளை மரியாதை தெரியாத பிள்ளை இல்லை. அகராதியைப் பார்த்து எழுதியிருக்கிறது. ஆங்கிலம்-தமிழ் அகராதியில் உட்காருவதற்கான சொல்லைத் தேடினால் பெரும்பாலும் "உட்கார்" என்றுதான் இருக்கும். அது வினைச்சொல்லின் வேர். தமிழில் என்ன சங்கடம் என்றால், அந்த வேரும் "நீ" என்று கூப்பிடுகிற ஆளுக்குப் போடுகிற கட்டளையும் ஒரே சொல். வா, போ, இரு, குடி, நட எல்லாமே அப்படித்தான். அகராதி வேரைக் கொடுக்கிறது, நாம் அதை எடுத்து வாயில் வைத்தால் கட்டளையாகிவிடுகிறது.

மலாயில் "டூடோக்" என்றால் வெறும் டூடோக்தான். முன்னால் "சிலா" சேர்த்தால் மரியாதை கூடும், சேர்க்காவிட்டாலும் அந்தச் சொல்லே யாரையும் கீழே இறக்காது. ஆங்கிலத்திலும் அப்படியே, குரலில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த இரண்டு மொழியிலிருந்து வருகிறவர்களுக்கு, தமிழில் சொல்லின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரியாது. "உட்கார்" என்றால் எதிரில் இருப்பவர் சின்னவர், அல்லது ரொம்ப நெருங்கியவர். "உட்காருங்க" என்றால் பெரியவர், அல்லது அறிமுகமில்லாதவர், அல்லது ஒன்றுக்கு மேற்பட்டவர்கள். இரண்டுக்கும் நடுவில் பொதுவான "உட்கார்" என்று ஒன்று கிடையாது.

அந்தச் சீனப் பிள்ளை தாளைப் பார்த்து அப்படியே வாசிக்கும். மயங்கி வந்த 75 வயது அம்மாவிடம் சிரித்த முகத்தோடு, நல்ல மனதோடு, "உட்கார்" என்று சொல்லும். அந்த அம்மா பிள்ளையைக் கோபித்துக்கொள்ள மாட்டார், வேற்று இனத்துப் பிள்ளை இவ்வளவு தமிழ் பேசுதே என்று சந்தோஷம்கூடப் படுவார். ஆனால் பக்கத்தில் நிற்கிற மகன் கேட்பார், "யாருடா இதை எழுதிக் கொடுத்தது?" என்று. பிள்ளைகள் எழுதினாலும் போகிற பெயர் கோயில் பெயர்.

எங்கள் வேலையிடத்தில் இதே கதை சுவரில் ஒட்டியிருந்தது. கைகழுவும் இடத்தில் நாலு மொழியில் அறிவிப்பு. மலாயில் "பாசோ தாங்கான்". தமிழில் "கை கழுவு". மொழிபெயர்த்தவர் கையில் இரண்டு சொல் மட்டும் கிடைத்திருக்கும், யார் யாருக்குச் சொல்வது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "அண்ணே, மத்த மொழியிலும் இப்படித்தான் அதட்டிப் போட்டிருக்காங்களா, இல்ல நமக்கு மட்டுமா?" யாரும் யாரையும் அதட்டவில்லை. ஆனால் அவர் தினமும் நாலு தடவை அந்த அதட்டலை வாசித்துத்தான் கை கழுவினார். பிறகு பேசி "கைகளைக் கழுவவும்" என்று மாற்ற வைத்தோம். ஸ்டிக்கர் விலை சில வெள்ளிதான்.

சரி, யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்று தெரியாமல் ஒரு வரி வந்தால் என்ன செய்வது?

முதல் வேலை, கேட்பது. இது யார் வாயிலிருந்து வருகிறது, யார் காதுக்குப் போகிறது, பேசுவதற்கா பலகையில் எழுதுவதற்கா. இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் நம்ம குழுவில் நடப்பது தெரியும்தானே. ராத்திரி 11 மணிக்கு ஒரு வரி வரும், காலை 8 மணிக்கு அச்சுக்குப் போகணும் என்பார்கள். கேள்வி கேட்டால் "சும்மா டிரான்ஸ்லேட் பண்ணுங்க லா" என்று பதில் வரும்.

பதில் வராவிட்டால் "ங்க" போடுங்கள். காரணம் மரியாதை மட்டும் இல்லை. தப்பாகிப் போனால் எந்தப் பக்கம் நட்டம் என்று பாருங்கள். ஆறு வயசுப் பிள்ளையிடம் "உட்காருங்க" என்றால் பிள்ளை சிரிக்கும், அவ்வளவுதான். வீடுகளில் செல்லத்துக்கே "வாங்க வாங்க, சாப்பிடுங்க" என்று பிள்ளைகளைக் கூப்பிடுகிறவர்கள் நிறைய பேர். ஒரு தாத்தாவிடம் "உட்கார்" என்றால் அது அவர் வீடு போய்ச் சேரும்வரை மனதில் இருக்கும். இன்னொன்று, "நீ" ஒரே ஒரு ஆளுக்குத்தான். "நீங்க" ஒரு ஆளுக்கும் பொருந்தும், பந்தலில் நிற்கிற நூறு பேருக்கும் பொருந்தும். கேட்பவர் எத்தனை பேர் என்றே தெரியாத வரிக்கு எது பொருத்தம் என்று சொல்லவே வேண்டாம்.

ஆனால் "ங்க" போடுவதற்கும் முன்னால் செய்து பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம். நீயா நீங்களா என்று முடிவு பண்ணாமலே பேசுவதற்குத் தமிழில் நிறைய வழி இருக்கிறது. நாமே தினமும் அப்படித்தான் பேசுகிறோம். புது ஆள் ஒருவர், வயது நம்மோடு ஒத்த வயது போல இருக்கு, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அப்போது என்ன கேட்போம்? "பசியாறியாச்சா?" என்போம். அதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. பசியாறின வேலை முடிந்ததா என்று வேலையைப் பற்றித்தான் கேட்கிறோம், ஆளைத் தொடவே இல்லை. "சாப்பிட்டாயா" என்றால் ஆளை "நீ" என்றாகிவிடுகிறது, "சாப்பிட்டீங்களா" என்றால் "நீங்க" என்றாகிவிடுகிறது, "சாப்பிட்டாச்சா" இரண்டுக்கும் வெளியே நிற்கிறது.

இதை வைத்து அந்த 12 வரியையும் உட்கார்ந்து பார்த்தோம்.

எங்கே வலி என்று கேட்கிற வரி. "எங்கே வலிக்குது?" போதும். தமிழில் வலிப்பது கால், அல்லது தலை. ஆள் இல்லை. அதனால் வினையில் ஆளே வர வேண்டியதில்லை. மயக்கம் பற்றிய வரியும் அப்படியே, "மயக்கமா இருக்கா?" தண்ணீருக்கு "தண்ணி வேணுமா?" நடப்பதற்கு "நடக்க முடியுமா?" கூட ஆள் உண்டா என்பதற்கு "கூட யாராவது வந்திருக்காங்களா?" இங்கே "ங்க" வந்தாலும் அது கூட வந்தவருக்குப் போகிற மரியாதை, ஆகவே கவலையில்லை.

மருந்து வரி கொஞ்சம் யோசிக்க வைத்தது. தாளில் "நீ மருந்து எடுக்கிறாயா?" என்று இருந்தது. "தினமும் சாப்பிடுற மருந்து ஏதாவது இருக்கா?" என்று மாற்றினோம். தாதியாக வேலை செய்த ஒரு அக்கா, இதுதான் கேள்வியாகவும் நல்லது என்றார். இனிப்பு நீர், ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டால், இன்றைக்கு எடுத்தாயிற்றா என்று கேட்கிறோம் என நினைத்துக்கொண்டு சிலர் "இல்லை" என்று சொல்லிவிடுவார்களாம்.

பெயர் கேட்கிற வரி, "பேர் என்ன?" இதிலும் ஆள் இல்லை. ஆனால் இங்கேதான் இந்த வழியின் குறையும் தெரிகிறது. வெறும் "பேர் என்ன?" காதில் காவல் நிலையம் மாதிரி விழுகிறது. நீயும் இல்லாமல் நீங்களும் இல்லாமல் போனால் சில இடத்தில் சூடு இல்லாமல் போய்விடும். அதற்கும் தமிழில் மருந்து இருக்கிறது. "பேர் என்னங்க?" அந்த "ங்க" வினைச்சொல்லில்தான் ஒட்டும் என்று இல்லை, "என்ன"விலும் ஒட்டும், "சரி"யிலும் ஒட்டும். அல்லது முன்னால் ஒரு உறவுச்சொல் போடலாம்: "ஐயா, பேர் என்ன?" "அம்மா, எங்கே வலிக்குது?" தாளின் மேலேயே ஐயா, அம்மா, அண்ணே, அக்கா என்று நாலு சொல் போட்டு, முதலில் இதில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு வரியை வாசி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம். "பாட்டி"யை வேண்டுமென்றே விட்டோம். 58 வயசு அம்மாவைப் போய்ப் பாட்டி என்று கூப்பிட்டால் முதலுதவி நமக்குத்தான் தேவைப்படும். அங்கிள், ஆன்ட்டி என்று பிள்ளைகள் வாயில் தானாகவே வரும், அதையும் தடுக்க வேண்டாம்.

ஆக எட்டு வரியில் சண்டையே இல்லை. மிச்சம் நாலு. உட்காரச் சொல்வது, இங்கேயே இருக்கச் சொல்வது, இந்தப் பக்கம் வரச் சொல்வது, பயப்பட வேண்டாம் என்பது. நாலுமே ஏவல். ஒரு ஆளைப் பார்த்து ஒன்றைச் செய்யச் சொல்லும்போது ஆளை ஒளித்து வைப்பது கஷ்டம். "உட்காரலாம்" என்று சொல்லிப் பார்த்தோம், அது அனுமதி கொடுப்பது மாதிரி இருக்கிறது. கால் நடுங்கி நிற்கிறவருக்கு அனுமதி தேவையில்லை, நாற்காலிதான் தேவை. ஆகவே "உட்காருங்க", "இங்கேயே இருங்க", "இப்படி வாங்க". இங்கே நேராக "ங்க"தான். பயத்துக்கு "பயப்பட வேண்டாம்" என்று ஆளில்லாமலும் சொல்லலாம், ஆனால் "பயப்படாதீங்க"தான் நெருக்கமாக இருக்கிறது. ஒருவர் "ஒண்ணும் ஆகாது" என்று போடலாம் என்றார், அதில் நீ, நீங்க பிரச்சினை இல்லைதான். அந்தத் தாதி அக்கா ஒரே பேச்சில் வேண்டாம் என்றுவிட்டார். முதலுதவிக்கு நிற்கிற பிள்ளை அப்படி வாக்குக் கொடுக்கக் கூடாதாம்.

இப்போது "அமரவும்" கட்சிக்கு வருவோம். "காலணிகளை இங்கே விடவும்" என்று பலகையில் எழுதுங்கள், அருமையாக இருக்கும். பலகைக்கு வாய் கிடையாது, யார் வந்து நின்று வாசித்தாலும் அது எல்லாருக்கும் ஒன்றுதான். அந்த "வும்" அதற்கென்றே இருக்கிற உருவம். அதை வாயால் பேச வைத்தால் ரயில் நிலைய அறிவிப்பு. மூச்சு வாங்கி வருகிறவரிடம் "தயவுசெய்து அமரவும்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அவருக்கு இன்னும் கொஞ்சம் மயக்கம் வரும். அந்தத் "தயவுசெய்து"வும் பேச்சில் நாம் அதிகம் சொல்வதில்லை. "கொஞ்சம் நகருங்க" என்றால் அதிலேயே தயவும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது.

தமிழிலிருந்து மலாய்க்குப் போகும்போது வேறு மாதிரிச் சிக்கல். அன்னதானத்துக்கு இளைஞர் பிரிவு ஒரு பதாகை செய்திருக்கிறது. பெரிய எழுத்தில் ஒரே சொல்: "சாப்பிட்டியா?" அழகாக இருக்கிறது, எங்களுக்கும் பிடித்தது. அதன் கீழே மலாயில் ஒரு வரி வேண்டும் என்றார்கள். தமிழில் "நீ" இருக்கிறது, ஆகவே மலாயில் "காவ்" போடணும் என்று ஒருவர். இல்லை, "அவாக்" என்று இன்னொருவர். மரியாதையாக "அண்டா" போடலாம் என்று மூன்றாமவர். (சமையல் கட்டில் இருக்கிற அண்டா இல்லைங்க.)

இங்கே கவனிக்க வேண்டியது, தமிழ் "நீ" என்றாலே மரியாதைக் குறைவு என்று கணக்குப் போடக் கூடாது. நம்ம பல வீடுகளில் அப்பாவை "நீங்க" என்றும் அம்மாவை "நீ" என்றும்தான் கூப்பிட்டு வளர்ந்தோம். "அம்மா, நீ சாப்பிட்டியா?" என்பதில் எங்கே அவமரியாதை இருக்கிறது? ஆனால் அதை அப்படியே "காவ்" போட்டு மலாய்க் குடும்பத்தில் தாயிடம் சொன்னால் சட்டென்று திரும்பிப் பார்ப்பார்கள். அவர்கள் "மாக் டா மாக்கான்?" என்பார்கள். நீ இருக்க வேண்டிய இடத்தில் அம்மா என்ற சொல்லையே வைத்துவிடுவார்கள். "அண்டா" என்பது பாரத்திலும் விளம்பரத்திலும் முகம் தெரியாதவருக்கு எழுதுவது. அதைச் சாப்பாட்டுக் கேள்வியில் போட்டால் வங்கியிலிருந்து கடிதம் வந்த மாதிரி இருக்கும்.

பதாகையில் பேசுகிறவர் யார்? தாயா, நண்பனா, முருகனா? இளைஞர்களையே கேட்டோம், "யாராகவும் இருக்கலாம், அதுதான் அழகு" என்றார்கள். அப்படியென்றால் மலாயிலும் யாராகவும் இருக்கலாம் என்று விட்டுவிடணும். "சுடா மாக்கான்?" முடிந்தது. மலாய்க்காரர்கள் தெருவில் பார்த்தாலே கேட்பது அதைத்தான், அதில் காவும் இல்லை, அவாக்கும் இல்லை. அந்தத் தமிழ் "நீ"யில் இருந்த செல்லம் கொஞ்சம் போய்விடுகிறது, உண்மைதான். இல்லாத ஆளைக் கற்பனை பண்ணி ஒரு "காவ்" சேர்ப்பதைவிட, அந்தக் கொஞ்சம் போகட்டும்.

எல்லாவற்றுக்கும் "ங்க" போடு என்று சொன்னதைச் சிலர் அளவுக்கு மீறிப் பிடித்துக்கொள்வார்கள், அதையும் சொல்லிவிடுகிறோம். ரத ஊர்வலத்துக்கான துணிப்பதாகையில் "நீயே துணை" என்று வரவேண்டியதை, யாரோ திருத்தி "நீங்களே துணை" என்று அனுப்பியிருந்தார்கள். முருகனிடம் பேசுகிற மாதிரியே இல்லை, மானியம் கேட்டு ஒய்.பி.க்கு எழுதின கடிதம் மாதிரி இருந்தது. சாமியை "நீ" என்றுதான் நாம் கூப்பிடுகிறோம். மலாயிலும் இறைவனை வேண்டும்போது "எங்காவ்" என்றுதான் சொல்கிறார்கள், அங்கே நெருக்கமான சொல்தான் முறை. ஆகவே இந்த இரண்டு சொல்லில் ஆள் பெயர் இல்லாவிட்டாலும், அது கோயில் பதாகையில் இருக்கிறது என்பதே போதுமான குறிப்பு. குறிப்பு இருக்கும் இடத்தில் குறிப்பைத்தான் பின்பற்றணும். "ங்க" என்பது ஒன்றுமே தெரியாத இடத்துக்கு.

அதே மாதிரி காணாமல் போன பிள்ளைகள் முகப்பு. அங்கே வருகிறவர் யார் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். நாலு வயசு, அழுதுகொண்டிருக்கும். அங்கே "பேர் என்னங்க?" என்று கேட்டால் பிள்ளை இன்னும் மிரண்டுபோகும். "பேர் என்னடா கண்ணு?" என்றுதான் கேட்கணும், பெண் பிள்ளைக்கும் அந்த "டா" பொருந்தும். "அம்மா எங்கே நின்னாங்க?" "தண்ணி குடிக்கிறியா?" "இங்கேயே இரு, அண்ணன் கூட்டிட்டு வர்றேன்." பெண் பிள்ளைகள் நின்றால் "அக்கா" என்று மாற்றிக்கொள்ளலாம். இது முழுக்க "நீ" தாள். அதனால் இதைத் தனியாக இளஞ்சிவப்புத் தாளில் அடிக்கச் சொல்லியிருக்கிறோம், கூடாரத் தாள் வெள்ளை. அட்டை மாறிப் போகாமல் இருக்க அந்த முகப்பில் நிற்கிற நாலு பேருக்கு மட்டும்தான் கொடுக்கப்படும். திருத்திய 12 வரியும் கீழே படத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் அச்சுக்குப் போகிறது. மாற்றம் வேண்டுமென்றால் அதற்குள் சொல்லுங்க.